மொத்த அழுத்த உயர்விலிருந்து முதல்வகை வினைவேக மாறிலி காணல்

மூடிய கலன் ஒன்றில் ஒரு வளிமம் சிதைந்து, அதனினும் கூடுதல் எண்ணிக்கையிலான வளிம மூலக்கூறுகளைத் தருமானால், கலனின் மொத்த அழுத்தம் காலத்துடன் உயரும். இவ்வுயர்வை அளந்து வினையின் முதல்வகை வினைவேக மாறிலியைக் கணிக்கும் முறை வேதி வினைவேகவியலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கலனைத் திறக்காமலும் மாதிரி எடுக்காமலும் வினையின் போக்கை அறிய முடிவது இம்முறையின் சிறப்பு. எனினும் அழுத்தமானி மூலக்கூறுகளின் மொத்த எண்ணிக்கையை மட்டுமே காட்டும். அவை எந்தப் பொருளின் மூலக்கூறுகள் என்பதைக் காட்டாது. ஆகவே கணக்கில் கிடைக்கும் மாறிலி, அளவீட்டுடன் நாம் சேர்த்துக்கொள்ளும் வேதிச் சமன்பாடு எவ்வளவு சரியானதோ அவ்வளவே சரியானதாக இருக்கும்.

இக்கட்டுரை டைமெத்தில் ஈதரின் வெப்பச் சிதைவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது. இவ்வினையை சிரில் ஹின்ஷெல்வுட், ஆஸ்கி ஆகிய இருவரும் ஆய்ந்து 1927 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதன் அளவீடுகள் பின்னர் இயற்பிய வேதியியல் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக இடம்பெற்றன.

## அடிப்படை

கனஅளவும் வெப்பநிலையும் மாறாதிருக்கும்போது ஒரு வளிமத்தின் பகுதி அழுத்தம் அதன் மோல் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே செறிவுக்குப் பதிலாகப் பகுதி அழுத்தத்தையே வினைவேகச் சமன்பாட்டில் இடலாம். முதல்வகை வினையில் செறிவுகளின் விகிதம் மட்டுமே வருவதால், அழுத்தத்தை எந்த அலகில் அளந்தாலும் மாறிலியின் மதிப்பு மாறாது.

டைமெத்தில் ஈதரின் சிதைவு, முடிவில் பின்வருமாறு அமைகிறது:

CH₃OCH₃ → CH₄ + H₂ + CO

ஈதரின் தொடக்க அழுத்தம் p₀ என்க. t நேரத்தில் அதில் x அளவு சிதைந்திருந்தால், எஞ்சிய ஈதரின் அழுத்தம் p₀ − x ஆகும். மெத்தேன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு ஒவ்வொன்றின் அழுத்தமும் x ஆகும். இவற்றைக் கூட்டினால் மொத்த அழுத்தம் P கிடைக்கும்:

P = (p₀ − x) + 3x = p₀ + 2x

இதிலிருந்து x = (P − p₀)/2 எனவும், எஞ்சிய ஈதரின் அழுத்தம் (3p₀ − P)/2 எனவும் பெறலாம். முதல்வகை வினைக்கான சமன்பாட்டில் இதனை இட,

k = (1/t) ln [2p₀ / (3p₀ − P)]

எனக் கிடைக்கிறது. வினை முற்றுப்பெற்றபின் உள்ள அழுத்தம் P∞ அளக்கப்பட்டிருந்தால், இதே சமன்பாட்டைப் பின்வருமாறும் எழுதலாம்:

k = (1/t) ln [(P∞ − p₀) / (P∞ − P)]

இவ்விரண்டாம் வடிவத்தில் சமன்பாட்டின் 3 என்னும் எண் வெளிப்படையாக இல்லை. அழுத்த உயர்வு சிதைந்த அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பது மட்டுமே இதற்குத் தேவை. இதனால் ஆய்வுக்கூடத்தில் இவ்வடிவமே பெரிதும் விரும்பப்படுகிறது.

## எடுத்துக்காட்டு

வெப்பநிலை 504 °C. ஈதரின் தொடக்க அழுத்தம் 312 மி.மீ. பாதரசம். மிக நீண்ட நேரத்திற்குப் பின் அளந்த மொத்த அழுத்தம் 931 மி.மீ. ஆகும். இடையில் நான்கு முறை எடுத்த அளவீடுகளும், இரண்டாம் வடிவத்தைக் கொண்டு கணித்த மாறிலியும் கீழே தரப்பட்டுள்ளன.

| நேரம் t (நொடி) | மொத்த அழுத்தம் P (மி.மீ.) | P∞ − P (மி.மீ.) | k (நொடி⁻¹) |
|---|---|---|---|
| 390 | 408 | 523 | 4.32 × 10⁻⁴ |
| 777 | 488 | 443 | 4.31 × 10⁻⁴ |
| 1195 | 562 | 369 | 4.33 × 10⁻⁴ |
| 3155 | 779 | 152 | 4.45 × 10⁻⁴ |

முதல் வரிசையை விரித்துப் பார்க்கலாம். P∞ − p₀ = 931 − 312 = 619. P∞ − P = 931 − 408 = 523. இவற்றின் விகிதம் 1.1836, அதன் இயல் மடக்கை 0.1685. இதனை 390 நொடியால் வகுக்க 4.32 × 10⁻⁴ நொடி⁻¹ கிடைக்கிறது.

முதல் மூன்று மதிப்புகளும் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளன. எனவே இந்த ஓட்டத்தில் வினை முதல்வகை விதியைப் பின்பற்றுகிறது எனக் கொள்ளலாம். அரைவாழ்வுக் காலம் 0.693/k, அதாவது ஏறத்தாழ 1600 நொடி ஆகும். இவ்வினையில் ஈதர் பாதியாகக் குறையும்போது மொத்த அழுத்தம் p₀ + 2(p₀/2) = 2p₀ ஆக இருக்கும். அழுத்தம் இரு மடங்காகும் கணமே அரைவாழ்வுக் காலத்தின் முடிவாகும். வினையின் முடிவு அன்று. அழுத்தம் மும்மடங்கை நெருங்கும்போதுதான் வினை முடிவடைகிறது.

## தவறான சமன்பாடு எவ்வாறு வெளிப்படும்

மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, ஒரு மூலக்கூறு இரண்டாகப் பிரியும் வினைக்குரிய வாய்பாட்டை எல்லா வினைகளுக்கும் பயன்படுத்துவதாகும். அவ்வாய்பாட்டில் எஞ்சிய பொருளின் அழுத்தம் 2p₀ − P ஆகும். மேற்கண்ட அளவீடுகளில் இதனை இட்டால், 390 நொடியில் k = 9.4 × 10⁻⁴, 777 நொடியில் 10.7 × 10⁻⁴, 1195 நொடியில் 13.5 × 10⁻⁴ எனக் கிடைக்கிறது. மாறிலி என்று அழைக்கப்படுவது தொடர்ந்து ஏறிக்கொண்டே செல்கிறது. 3155 நொடியிலோ எஞ்சிய ஈதரின் அழுத்தம் 624 − 779, அதாவது எதிர்க்குறி எண்ணாகிவிடுகிறது. இது பொருளற்றது.

ஒரே ஒரு அளவீட்டை மட்டும் எடுத்துக் கணக்கிட்டிருந்தால் இப்பிழை தெரிந்திராது. 9.4 × 10⁻⁴ என்பது பார்வைக்கு நம்பத்தக்க எண்ணே; ஆனால் அது உண்மை மதிப்பைவிட இரு மடங்குக்கும் மேலானது. ஆகவே குறைந்தது மூன்று நேரங்களில் கணித்து ஒப்பிடுவதும், P∞ ஐ அளந்து p₀ உடன் ஒப்பிடுவதும் இன்றியமையாதவை. இங்கு 931/312 = 2.98. சமன்பாடு எதிர்பார்க்கும் 3 உடன் இது நன்கு பொருந்துகிறது.

## கடைசி அளவீட்டின் நம்பகத்தன்மை

அட்டவணையின் நான்காம் மதிப்பு மற்றவற்றைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுதலாக உள்ளது. இதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கக்கூடும். வினை முடிவை நெருங்கும்போது P∞ − P என்பது இரு பெரிய எண்களுக்கிடையிலான சிறிய வேறுபாடாகிறது. P∞ இல் உள்ள சிறு பிழையும் அப்போது பெரிதாகத் தெரியும். அளந்த 931 க்குப் பதிலாக, சமன்பாடு கூறும் 936 ஐ இட்டால், முதல் மதிப்பு 4.28 × 10⁻⁴ ஆகவும் கடைசி மதிப்பு 4.37 × 10⁻⁴ ஆகவும் மாறுகின்றன. முதல் மதிப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவாக மாற, கடைசி மதிப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு மாறுகிறது. வேறுபாட்டின் ஒரு பகுதி இவ்வாறு மறைந்துவிடுகிறது.

P∞ சமன்பாடு கூறும் அளவை எட்டாதிருப்பதற்குக் கருவியின் அமைப்பும் காரணமாகலாம். அழுத்தமானிக்குச் செல்லும் குழாய் உலைக்கு வெளியே குளிர்ந்த நிலையில் இருக்கும். அதிலுள்ள ஈதர் சிதைவதில்லை. இப்பகுதியின் கனஅளவைக் கலனின் கனஅளவுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதும் இதே அளவு முக்கியமானது. இச்சிதைவின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 245 கிலோஜூல் ஆகும். அதன்படி 504 °C அருகே ஒரு பாகை உயர்ந்தாலே k ஏறத்தாழ 5 விழுக்காடு கூடும். 3 விழுக்காட்டு வேறுபாட்டிற்கு வேதியியல் விளக்கம் தேடுமுன், உலையின் வெப்பநிலை ஒரு பாகைக்குள் நிலைத்திருந்ததா எனப் பார்க்க வேண்டும்.

## அழுத்தம் காட்டாதவை

ஈதர் ஒரே அடியில் மூன்று பொருட்களாகப் பிரிவதில்லை. முதலில் மெத்தேனும் பார்மால்டிகைடும் தோன்றுகின்றன. பின்னர் பார்மால்டிகைடு ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் சிதைகிறது:

CH₃OCH₃ → CH₄ + HCHO
HCHO → H₂ + CO

முதற்படி மட்டும் நிகழ்ந்த நிலையில், சிதைந்த ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கலனில் கூடுவது ஒரு மூலக்கூறே, இரண்டல்ல. எனவே பார்மால்டிகைடு சேர்ந்து நிற்கும் அளவுக்கு, அழுத்த உயர்விலிருந்து கணித்த x உண்மையைவிடக் குறைவாக இருக்கும். தொடக்க நேரங்களில் k தாழ்வாகத் தொடங்கிப் பின் உயர்ந்து நிலைபெறுவது இதன் அடையாளமாகும். இறுதி அழுத்தத்தைப் பார்த்து இதனைக் கண்டறிய முடியாது. ஏனெனில் முடிவில் பார்மால்டிகைடு முழுவதும் சிதைந்துவிட, அழுத்தம் மும்மடங்கை அடைந்தே தீரும். இடைநேரங்களில் வளிமத்தைப் பகுத்தாய்வதே உறுதியான சோதனை.

மற்றொரு வரம்பும் உண்டு. ஓர் ஓட்டத்தில் k மாறாதிருப்பதால் மட்டும் வினை எல்லா நிலைகளிலும் முதல்வகையானது என்று முடிவு செய்ய இயலாது. வெவ்வேறு தொடக்க அழுத்தங்களில் ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். உண்மையான முதல்வகை வினையில் அரைவாழ்வுக் காலம் தொடக்க அழுத்தத்தைச் சாராது. டைமெத்தில் ஈதரிலோ தொடக்க அழுத்தம் தாழும்போது k குறைவதை ஹின்ஷெல்வுட்டும் ஆஸ்கியும் கண்டனர். ஆனால் ஒரே ஓட்டத்தினுள் ஈதர் குறைந்துகொண்டே போனாலும் k அவ்வாறு குறையவில்லை. வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் வேகத்தைத் தாங்கிப் பிடிப்பதே இதற்குக் காரணம் என அவர்கள் கருதினர்.

முதல்வகை விதி பொருந்துவதால் வினை ஒரு மூலக்கூறு தானே உடையும் எளிய நிகழ்வு என்றும் கூறிவிட முடியாது. 1934 இல் ரைசு, ஹெர்ஸ்ஃபெல்டு ஆகியோர், தனிஉறுப்புகள் வழியாக நடக்கும் சங்கிலித் தொடர் வினையும் முதல்வகை விதியைத் தரக்கூடும் எனக் காட்டினர். டைமெத்தில் ஈதரின் சிதைவும் இத்தகையதே. மெத்தில் தனிஉறுப்பு ஈதரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து மெத்தேனாகிறது. எஞ்சிய துண்டு பார்மால்டிகைடையும் புதிய மெத்தில் தனிஉறுப்பையும் தருகிறது. சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடு சேர்த்தால் வினையின் வேகம் குறைவது இச்சங்கிலிக்குச் சான்றாகும்.

ஆகவே 4.3 × 10⁻⁴ நொடி⁻¹ என்னும் மதிப்பு, 504 °C வெப்பநிலையில் 312 மி.மீ. அழுத்தத்தில் தொடங்கிய ஈதர் எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பதைக் கூறுகிறது. அம்மதிப்பைக் குறிப்பிடும்போது வெப்பநிலையுடன் தொடக்க அழுத்தத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது முறையாகும்.