யாரிடம் கையெழுத்து வாங்குவது?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு மாநகராட்சி எந்த இடத்தில் முடிகிறது, ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வீடும் கடையும் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் ஒன்றாயின. முடிச்சூர் அந்த இணைப்பில் சேரவில்லை. 10 அலுவலகங்களின் ஊழியர்கள் ஒரே நாளில் ஒரே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மேலே யார், கீழே யார் என்பதெல்லாம் மாறியது. மேயர் யார், எத்தனை வார்டு என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ, நாளை காலை யாரிடம் போய் நிற்பது என்பதுதான் கவலையாக இருந்திருக்கும்.

பெருங்களத்தூர் பேரூராட்சியாக இருந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். செயல் அலுவலர் என்று ஒருவர். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை வண்டி, ஊழியரின் விடுப்பு என எல்லாத் தாளும் அவர் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். அவருக்கு மேலே மண்டல உதவி இயக்குநர், அவருக்கும் மேலே பேரூராட்சிகளின் இயக்குநர். அன்றைய அமைப்பை ஒரே செங்குத்துக் கோடாக வரைந்துவிடலாம். அதில் குறை நிறைய உண்டு. செயல் அலுவலர் விடுப்பில் போனாலோ, இன்னொரு பேரூராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தாலோ எல்லாமே நின்றுவிடும். ஆனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் மட்டும் ஒருவருக்கும் வராது.

மாநகராட்சியில் அந்த ஒற்றைக் கோடு பலவாகப் பிரிந்துவிடுகிறது. தாம்பரத்தை 70 வார்டு, 5 மண்டலம் என்று பிரித்தார்கள். மண்டல அலுவலகத்துக்கு உதவி ஆணையர் தலைவர். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் உதவி செயற்பொறியாளர் வழியாகத் தலைமையிடத்துப் பொறியியல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். சுகாதார ஆய்வாளர் சுகாதார அலுவலர் வழியாக மாநகர நல அலுவலருக்குப் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்கு ஒரு மேலதிகாரி, தொழில்நுட்பத்துக்கு இன்னொரு மேலதிகாரி. தாம்பரம் சானடோரியத்து மெப்ஸ் வளாகத்துக்கும் சிறுசேரிக்கும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் இதையே நேர்க்கோடு, புள்ளிக்கோடு என்பார்கள்.

இரண்டு மேலதிகாரிகள் இருப்பதில் தவறில்லை. எந்த விஷயத்துக்கு எவர் என்று எழுதாமல் விடுவதில்தான் தொல்லை. அரசு அலுவலகத்தில் இப்படிப்பட்ட மாற்றம் செயல்முறை ஆணையாக வரும். மேலே ந.க. எண், பிறகு பொருள், பார்வை, கடைசியில் நகல் பட்டியல். முன்பு அதைத் தட்டச்சு செய்து, சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரிடமும் 'பார்த்தேன்' என்று கையெழுத்து வாங்குவார்கள். இன்று அதையே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். செய்தி வேகமாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் யார் படித்தார், யாருக்குப் புரிந்தது என்ற பதிவு இல்லாமல் போய்விடுகிறது. அந்தச் சுற்றுக் கையெழுத்தை விட்டுவிட்டது இழப்பு என்றே நினைக்கிறேன். பின்னாளில் 'எனக்குச் சொல்லவே இல்லையே' என்ற தகராறு வந்தால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துப் பார்ப்போம். விடியற்காலை வருகைப் பதிவு எடுக்கிறார். 2 பேர் வரவில்லை, ஒரு வண்டி கிளம்பவில்லை, அவருக்கே மறுநாள் விடுப்பு வேண்டும். பேரூராட்சிக் காலத்தில் மூன்றுக்கும் செயல் அலுவலருக்கு ஒரு போன் போதும். இன்று ஆள் குறைவைச் சுகாதார ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். வராதவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்றால் ஆய்வாளரும் நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது, நிறுவனத்தின் மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். வண்டி பழுதுக்கு எந்தப் பிரிவு? விடுப்பை அனுமதிப்பவர் ஆய்வாளரா, மண்டலமா? 'இனி மண்டல அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் பணிபுரிவார்' என்ற ஒற்றை வரியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஆணை எழுதுகிறவர் மேற்பார்வையாளரின் ஒரு நாளை மனத்தில் ஓட்டிப் பார்த்து, தினசரிப் பணி உத்தரவு, விடுப்பு, செலவு, தொழில்நுட்ப ஒப்புதல் என்ற நான்குக்கும் தனித்தனியாகப் பதவிப் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் அந்த ஆணை போதும். ஆளின் பெயரைப் போடக் கூடாது. அவர் மாறுதலில் போனதும் ஆணை பழசாகிவிடும்.

அடுத்தது தேதி. எந்த நாள் முற்பகல் முதல் பழைய அலுவலரின் கையெழுத்து செல்லாது என்பது ஆணையில் தெளிவாக இருக்க வேண்டும். பழைய பதவி முத்திரையோடு ஒரு பட்டியல் பாஸ் ஆகிவிட்டால் அது பிறகு தணிக்கைத் தடையாக வந்து நிற்கும். பாதி முடிந்த கோப்புகளை யார் முடிப்பது என்றும் சொல்லிவிட வேண்டும். சாலைப் பணிக்குப் பழைய பொறியாளர் பாதி அளவு எடுத்திருப்பார், மீதியைப் புதியவர் எடுப்பார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்தப் பணியின் பெயர் இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் இரண்டு பேருக்கும் நடுவில் அலைவார். தனியார் கம்பெனியில் இதே சிக்கல் மதிப்பீட்டில் வரும். வருஷத்தின் நடுவில் மேலாளர் மாறினால் முதல் பாதிக்கு மதிப்பெண் யார் போடுவது? மத்திய அரசு அலுவலகங்களில் குறைந்தது 3 மாதம் வேலையைப் பார்த்த அதிகாரிதான் எழுதலாம் என்று விதியே இருக்கிறது.

ஊழியருக்கு இதற்கெல்லாம் மேலே ஒரு பயம் உண்டு. பேரூராட்சி ஊழியரும் நகராட்சி ஊழியரும் வேறு வேறு இயக்குநரகத்தின் கீழ் இருந்தவர்கள். ஒன்றாகச் சேரும்போது முதுநிலை எப்படிக் கணக்காகும், பதவி உயர்வு தள்ளிப்போகுமா, என் பணியிடமே இருக்குமா என்றுதான் மனம் போகும். அது வீண் பயம் என்று ஒதுக்க முடியாது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றி அமைத்தது. நிரந்தரப் பணியிடங்கள் குறைந்து வேலை வெளிமுகமைக்குப் போகும் என்று சங்கங்கள் எதிர்த்தன. ஆகவே யாருடைய ஊதியமும் பதவியும் மாறவில்லை என்றால் அதை ஆணையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது. மாறுகிறது என்றால் அதையும் மறைக்காமல் அங்கேயே எழுத வேண்டும். முதல் பத்தியில் இது இல்லாவிட்டால் மீதிப் பத்திகளை யாரும் அமைதியாகப் படிக்க மாட்டார்கள்.

எல்லைக்கு அப்பால், முடிச்சூரில், ஊராட்சித் தலைவரும் ஊராட்சிச் செயலரும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் உட்காரும் புனித தோமையார் மலை ஒன்றிய அலுவலகம் சிட்லபாக்கத்தில் இருக்கிறது. அந்தச் சிட்லபாக்கம் மாநகராட்சிக்குள் போய்விட்டது! உள்ளே இத்தனை நிலையாக இருந்த ஊராட்சிக்கு வெளியே மட்டும் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. 2019 நவம்பரில் மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆனது. 2022 ஜனவரி 1 முதல் சென்னை போலீஸ் போய்த் தாம்பரம் ஆணையரகம் வந்தது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அப்போது கால்வாய் அடைப்பைப் பற்றிப் பக்கத்துப் பெருங்களத்தூரோடு பேச வேண்டுமானால் முடிச்சூர் ஊராட்சிச் செயலர் செயல் அலுவலர் ஒருவரைக் கேட்டால் போதும். அந்தப் பதவியே இன்று இல்லை. கால்வாய்க்கு ஒருவர், குப்பைக்கு ஒருவர் என்று மண்டலத்தில் பிரிந்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் முடிச்சூர்ச் செயலர் யாருக்குக் கடிதம் எழுதுவது? மண்டலத்தில் அடுத்தமுறை பணிப் பங்கீட்டு ஆணை போடும்போது நகல் பட்டியலில் கடைசி வரியாக முடிச்சூர் ஊராட்சிச் செயலரையும், கால்வாய்க்குப் பொறுப்பான பொறியாளரின் அலுவலகக் கைபேசி எண்ணையும் சேர்த்துவிட வேண்டும்.