தொட்டிலுக்கு எட்டாத தூரத்தில் போன்

மழை, மின்விசிறி, ஹேர் டிரையர் என ஒரே சீராக இரைகிற ஒலிகள் வெண்ணிரைச்சல் எனப்படுகின்றன. 1990-இல் லண்டனில் பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில், இந்த ஒலியைக் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டனர். கேட்காத 20 பேரில் ஐவரே தூங்கினர். பலன் உண்டு. ஆனால் ஒலியின் அளவில் கவனம் வேண்டும்.

டொரண்டோ ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கான 14 ஒலிக்கருவிகளைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். முழுச் சத்தத்தில், 30 செ.மீ. தொலைவில், எல்லாமே 50 டெசிபெலைத் தாண்டின. மூன்று கருவிகள் 85-ஐயும் தாண்டின. 50 என்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் அறைக்கு வகுத்த வரம்பு. கருவி 2 மீட்டருக்கு அப்பால், குறைந்த சத்தத்தில் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. தூளிக்குள்ளேயே போனைச் செருகி வைப்பது இதற்கு நேர்மாறு.

தொலைவு எவ்வளவு உதவும்? திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபெல் குறையும். 30 செ.மீ.யில் 68 இருந்தால் 60-இல் 62, 120-இல் 56, 240-இல் 50. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் குறைவு இவ்வளவு இராது. அதனால் இன்னொரு போனில் ஒலியளவுச் செயலி போட்டு, குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். அது காட்டும் எண் தோராயமானதே. வரம்பை ஒட்டி வந்தால் இன்னும் குறைப்பது நல்லது. சத்தத்தின் பட்டை பாதியில் நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு போனிலும் பாதி ஒவ்வொரு விதம்.

யூடியூப் தாலாட்டுகள்தான் இதில் மோசம். சந்தா இல்லாவிட்டால் நடுவே விளம்பரம் அலறும். திரையும் எரிந்துகொண்டே இருக்கும், இணையமும் ஓடும். பேட்டரியை அதிகம் தின்பவை இவ்விரண்டே. தனிச் செயலிகளில் ஒலி போனிலேயே பதிந்திருந்தால் திரையை அணைத்து, விமானப் பயன்முறையில் ஓட்டலாம். செலவு மிகக் குறைவு. அழைப்பு மணியும் குறுக்கிடாது. சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலியைத் தாமாகவே நிறுத்திவிடும். ஒலி நள்ளிரவில் காரணமின்றி நின்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு தரலாம்.

ஐபோனில் செயலியே தேவையில்லை. அணுகல்தன்மை அமைப்பில் உள்ள Background Sounds மழை, கடல், இரைச்சல் ஒலிகளைத் தரும். மற்றச் செயலிகளின் ஒலியை நிறுத்த, கடிகாரத்தின் டைமரில் மணிக்குப் பதில் Stop Playing என்பதைத் தேர்ந்தால் போதும்.

டைமரை அரை மணிக்கு வைத்து, குழந்தை அதற்கு முன்பே தூங்குகிறதா என்று பார்த்துக் குறைக்கலாம். ஒலி சட்டென்று நின்றால் சில குழந்தைகள் விழித்துக்கொள்ளும். மெல்லத் தேய்ந்து அடங்கும் வசதியுள்ள செயலிதான் இங்கே மேல். இரவு முழுக்க ஓட்டியே ஆக வேண்டுமென்றால் சார்ஜரில் போட நேரும். அப்போது போனும் வயரும் குழந்தையின் கைக்கு எட்டாமல், துணியோ தலையணையோ மூடாமல் இருக்க வேண்டும்.