தலையை ஆட்டினா ‘ஆமா’வா, ‘இல்லை’யா? வெளிநாட்டவரைக் குழப்பும் நம்ம ஊர் தலையாட்டல்

மதுரை ரயில் நிலைய வாசல். முதுகில் பையோடு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஆட்டோக்காரரிடம், ‘மீனாட்சி அம்மன் கோயில், 100 ரூபாய்?’ என்று கேட்கிறார். ஆட்டோக்காரர் வாயைத் திறக்காமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகச் சாய்த்து ஆட்டுகிறார். பயணி ‘வர மாட்டார் போல’ என்று அடுத்த ஆட்டோவை நோக்கி நடக்கிறார். ‘சரின்னுதானே சொன்னேன், ஏன் போறாரு?’ என்று ஆட்டோக்காரர் முழிக்கிறார்.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, இலங்கை என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆட்டோ பேரத்தில் நடந்தால் நஷ்டம் 100 ரூபாய்தான். அதே தலையாட்டல் கிளையன்ட்டோடு பேசும் வீடியோ காலில் நடந்தால்? அதற்கு முன், அந்தத் தலை என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

காதைப் பாருங்க, புரிஞ்சிடும்

தலையை மூன்று விதமாக அசைக்கலாம். மேலும் கீழும் ஆட்டுவது ஒன்று. முகத்தை இடமும் வலமும் திருப்புவது இரண்டாவது. திருப்பாமல் தோள் பக்கமாகச் சாய்ப்பது மூன்றாவது. உலகின் பல நாடுகளில் முதலாவது ‘ஆமாம்’, இரண்டாவது ‘இல்லை’. அவர்கள் மூன்றாவதை ஒரு பதிலாகவே பயன்படுத்துவதில்லை. நாம் ‘சரி’ சொல்வது அந்த மூன்றாவதில்.

சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன் நின்று பாருங்கள். ‘இல்லை’ என்று ஆட்டும்போது மூக்கு நுனி இடமும் வலமும் போகும், காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். ‘சரி’ என்று ஆட்டும்போது மூக்கு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும், காதுகள் மாறி மாறி மேலும் கீழும் போகும். இரண்டையும் பிரிக்க இந்த ஒரு அடையாளம் போதும்.

அப்புறம் ஏன் குழம்புகிறார்கள்? காரணம் கழுத்து எலும்பிலேயே இருக்கிறது. கழுத்தில் 7 எலும்புகள். முகத்தைத் திருப்பும் வேலையில் பாதியை மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளே முடித்துவிடுகின்றன. சாய்ப்பதற்கு அதற்குக் கீழே இருக்கும் எலும்புகளும் சேர்ந்து வளைய வேண்டும். அந்த எலும்புகளின் மூட்டுகள் சரிவாகப் பொருந்தியிருப்பதால், பக்கவாட்டில் சாயும்போது கூடவே கொஞ்சம் திரும்பவும் செய்யும். அதாவது, நம் ‘சரி’க்குள் ஒரு துளி ‘இல்லை’யின் அசைவும் கலந்திருக்கிறது. சாய்ப்பதை ஒரு பதிலாகப் பார்த்தே பழகாத கண், தனக்குத் தெரிந்த அந்தத் துளியை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

நம்ம பேச்சிலேயே ஆதாரம் இருக்கு

‘அவன் எதுக்கெடுத்தாலும் தலையாட்டுவான்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் என்ன அர்த்தம்? எல்லாவற்றுக்கும் சம்மதிப்பவர். பூம்பூம் மாடு என்று கிண்டல் செய்வதும் அவரைத்தான். தமிழில் வெறுமனே ‘தலையாட்டினான்’ என்றால் அது சம்மதம். மறுப்பு என்றால் ‘இல்லைன்னு தலையாட்டினான்’ என்று தனியாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ். ‘ஷுக் ஹிஸ் ஹெட்’ என்று எழுதியிருந்தால் மறுத்தான் என்று அர்த்தம். அதை யோசிக்காமல் ‘தலையை ஆட்டினான்’ என்று மொழிபெயர்த்தால், தமிழ் வாசகர் அந்தக் கதாபாத்திரம் ஒத்துக்கொண்டதாகப் புரிந்துகொள்வார். உடம்பு செய்யும் குழப்பத்தை அகராதியும் செய்கிறது.

‘வெள்ளைக்காரனிடம் முடியாது என்று சொல்லப் பயந்து, ரெண்டுங்கெட்டானாக ஆட்டப் பழகினோம்’ என்று ஒரு கதை சோஷியல் மீடியாவில் சுற்றுவதுண்டு. அதற்கு எதிரான சாட்சி பரதநாட்டிய வகுப்பில் கிடைக்கிறது. நந்திகேஸ்வரர் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘அபிநய தர்ப்பணம்’ பிரிட்டிஷார் வருவதற்கு வெகு காலம் முந்தையது. அதில் 9 வகைத் தலை அசைவுகள் இருக்கின்றன. ‘துதம்’ என்பது தலையை இடமும் வலமும் திருப்புவது. அதன் பயன்களில் ஒன்று, ‘இல்லை’ என்று சொல்வது. ‘பரிவாஹிதம்’ என்பது சாமரம் வீசுவது போலத் தலையை இரு பக்கமும் அசைப்பது. அதன் பயன்களில் மகிழ்ச்சியும் உண்டு, ஆமோதிப்பும் உண்டு. மேடைக்கு எழுதப்பட்ட இலக்கணம்தான் என்றாலும், பக்கவாட்டு அசைவிலேயே ‘இல்லை’க்கு ஒன்று, ‘சரி’க்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே ஆட்டு, பல அர்த்தம்

இதுவரை ‘சரி’ என்றே சொல்லி வந்தோம். ஆனால் சிக்கல் அந்தச் ‘சரி’க்குள்தான் இருக்கிறது.

ஒரு பக்கமாக ஒரே ஒரு வெட்டு வெட்டினால், ‘ஓகே, போலாம்’. எதிரில் தெரிந்தவர் வந்தால் அதே வெட்டு வணக்கமாகவும் மாறும். புருவம் உயர, இரண்டு மூன்று முறை வேகமாக ஆட்டினால் ‘கண்டிப்பா’. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மெதுவாக ஆட்டினால் ‘பார்க்கலாம்’. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே விடாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தால், அது பதிலே கிடையாது. போனில் பேசும்போது நடுநடுவே ‘ம்… ம்…’ போடுகிறோமே, அதன் தலை வடிவம். ‘கேட்டுட்டுதான் இருக்கேன், நீங்க சொல்லுங்க’ என்பது மட்டும்தான் அதன் செய்தி.

நமக்குள் இதில் குழப்பம் வருவதில்லை. முகம், குரல், சூழ்நிலை எல்லாவற்றையும் சேர்த்தே படிக்கிறோம். வெளியிலிருந்து வருபவருக்கோ அசைவு மட்டும்தான் தெரிகிறது.

‘இல்லை’ன்னு நினைப்பதைவிட ஆபத்தானது

ஓர் உதாரணம். சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றின் டெஸ்டிங் டீம், லண்டன் கிளையன்ட்டோடு செவ்வாய்க்கிழமை காலில் இருக்கிறது. ‘வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டெஸ்டிங் முடிஞ்சிடும் இல்லையா?’ என்று கிளையன்ட் கேட்கிறார். டீம் லீட் தலையை ஆட்டுகிறார். கிளையன்ட் மூன்று விதமாகப் புரிந்துகொள்ளலாம்.

இந்தியர்களோடு பழகாதவர் என்றால் ‘முடியாதோ?’ என்று சந்தேகப்படுவார். உடனே திருப்பிக் கேட்பார், அடுத்த நிமிடமே விஷயம் தெளிவாகிவிடும். இந்தத் தவறால் பெரிய சேதம் இல்லை.

கொஞ்சம் பழகியவர் என்றால், ‘இவங்க இப்படி ஆட்டினா யெஸ்’ என்று ஏற்கனவே கற்றிருப்பார். அதனால் திருப்பிக் கேட்க மாட்டார். வெள்ளிக்கிழமை தேதியை எழுதி வைத்துக்கொண்டு, தன் மேலதிகாரிக்கும் சொல்லிவிடுவார். டீம் லீட் மனதில் இருந்ததோ வேறு: ‘நீங்க கேட்கிறது புரியுது. உங்க சைடுல இருந்து சர்வர் ஆக்சஸ் புதன்கிழமை கிடைச்சா முடிச்சிடலாம்.’ அந்த ‘கிடைச்சா’ அவர் வாயிலிருந்து வரவே இல்லை. ஆக்சஸ் வியாழக்கிழமை மாலை கிடைக்கிறது, வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை. ஒரு பக்கம், ‘யெஸ் சொல்லிட்டு ஏமாத்திட்டாங்க’. இன்னொரு பக்கம், ‘நான் எப்போ சத்தியம் பண்ணினேன்?’. இங்கே சந்தேகமே எழவில்லை, அதனால்தான் சேதம் அதிகம்.

நன்றாகப் பழகியவர் மட்டும் அந்த அசைவைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளாமல், ‘எதாவது தடை இருக்கா?’ என்று அடுத்த கேள்விக்குப் போவார்.

கேள்வி அமைந்த விதமும் இதில் கூட்டாளி. ‘முடிஞ்சிடும் இல்லையா?’ என்று கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. பெரியவரிடமோ கிளையன்ட்டிடமோ முகத்துக்கு நேரே ‘முடியாது’ சொல்வதை மரியாதைக் குறைவாகப் பார்த்து வளர்ந்தவருக்கு, தலையாட்டல்தான் வசதியான இடம். மறுத்த மாதிரியும் இருக்காது, வாக்குக் கொடுத்த மாதிரியும் இருக்காது.

அப்போ நாமும் மேலும் கீழும் ஆட்டிடலாமா?

பல நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் கொடுக்கப்படும் அறிவுரை இது. ஆனால் பாதி மட்டும் மாறினால் குழப்பம் கூடும் என்பதற்குப் பல்கேரியாவில் ஒரு பழைய பாடம் உண்டு.

பல்கேரியாவில் பக்கவாட்டில் தலையசைத்தால் ‘ஆமாம்’. மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1972-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. 1877-78 போரில் துருக்கியரை எதிர்க்க ரஷ்ய வீரர்கள் பல்கேரியாவுக்குப் போனார்கள். அவர்கள் ஊர் வழக்கம் நேர் எதிர். சிலர் உள்ளூர்க்காரர்களுக்காகத் தங்கள் தலையசைப்பை மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு பல்கேரியர்களுக்குப் புதிய தலைவலி: எதிரில் நிற்கும் ரஷ்யர் இப்போது அசைப்பது அவர் ஊர் வழக்கப்படியா, நம் ஊர் வழக்கப்படியா?

நம் வீடியோ காலிலும் இதுதான் நடக்கும். யோசித்துப் பேசும்போது மேலும் கீழும் ஆட்டுகிறோம். பேச்சின் வேகத்தில் பழைய பழக்கம் தானாக வந்துவிடும். ஒரே ஆள், ஒரே காலில், இரண்டு விதமாக ஆட்டினால், பார்ப்பவர் இரண்டுக்கும் வேறு வேறு அர்த்தம் இருப்பதாகவே நினைப்பார்.

கழுத்தை மாற்றுவதைவிட வாயைத் திறப்பது சுலபம். தலை அதன் பாட்டுக்கு ஆடட்டும், கூடவே ஒரு வாக்கியம் போகட்டும்: ‘நீங்க சொல்றது புரியுது, தேதியை நாளைக்கு உறுதி பண்றேன்’ அல்லது ‘ஆக்சஸ் புதன்கிழமை வந்தா வெள்ளிக்கிழமை முடியும்’.

கேட்கும் இடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது, தலையால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பது. ‘வெள்ளிக்கிழமை முடியுமா?’ என்பதற்குப் பதிலாக ‘எந்தக் கிழமை முடியும்? அதுக்கு என்ன தேவை?’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் பேசித்தான் ஆக வேண்டும். ஆட்டோவிலும் அப்படித்தான்: ‘100 ரூபாய்க்கு வருவீங்களா?’ என்பதைவிட ‘எவ்வளவு அண்ணே?’ நல்ல கேள்வி.