விடை சரி... மார்க் மட்டும் ஏன் போச்சு? √2 கணக்குக்குள் ஒளிந்திருந்த ஓட்டை!

"எல்லா வரியும் எழுதியிருக்கா. கடைசி வரியும் சரி. அப்புறம் எதுக்கு ரெண்டு மார்க் கட்?"

பக்கத்து வீட்டு அக்கா விடைத்தாளை என் கையில் திணித்தபோது, அவர் மகள் சுவரோரமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு. '√2 ஒரு விகிதமுறா எண் என நிரூபி' என்பது கேள்வி. 5 மார்க்குக்கு 3 வந்திருந்தது. விடைத்தாளில் இரண்டு இடங்களில் சிவப்பு மையில் கேள்விக்குறி. வேறு எந்த விளக்கமும் இல்லை.

எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் பேப்பர் திருத்தியவர். மூன்று பேருமாக அவர் வீட்டுக்குப் போனோம்.

விடைத்தாளில் இருந்தது இவ்வளவுதான்:

1. √2 ஒரு விகிதமுறு எண் எனக் கொள்வோம். √2 = a/b.
2. இருபுறமும் வர்க்கப்படுத்த, a² = 2b².
3. a² இரட்டை எண். எனவே a இரட்டை எண்.
4. a = 2c. எனவே 4c² = 2b², அதாவது b² = 2c².
5. எனவே b-யும் இரட்டை எண். இது முரண்பாடு.
6. ஆகவே √2 விகிதமுறா எண்.

கேள்விக்குறிகள் இருந்தது 3-ம் வரியிலும் 5-ம் வரியிலும்.

எதோடு முரண்பாடு?

டீச்சர் முதலில் பேனாவையே எடுக்கவில்லை. ஒருமுறை முழுதாகப் படித்தார். "முதல் தடவை திருத்தக் கூடாது. பிள்ளை எந்த வழியில போறான்னு மட்டும் பார்க்கணும். இவ போன வழி சரி" என்றவர், நேராக 5-ம் வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.

"a-யும் இரட்டை, b-யும் இரட்டை. சரி. அதுல என்னம்மா முரண்பாடு?"

அவள் விழித்தாள். டீச்சர் ஒரு தாளில் 6/4 என்று எழுதினார். மேலேயும் இரட்டை, கீழேயும் இரட்டை. யாருக்கும் எந்தச் சண்டையும் இல்லை. சுருக்கினால் 3/2, அவ்வளவுதான்.

முரண்பாடு வரவேண்டுமானால், a-வுக்கும் b-க்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதாவது, பின்னத்தை இதற்கு மேல் சுருக்க முடியாத வடிவத்தில் எடுத்துக்கொண்டோம் என்று. அப்படிச் சொல்லியிருந்தால்தான் இரண்டும் இரட்டை என்று வரும்போது, 'இல்லை என்று சொன்ன பொதுக் காரணி 2 வந்துவிட்டதே' என்று கேட்க முடியும். கேள்விக்குறி விழுந்தது 5-ம் வரியில். ஆனால் ஓட்டை இருந்தது முதல் வரியில்.

"இன்னொண்ணும் விட்டுட்டா. a, b ரெண்டும் முழுக்கள், b பூஜ்ஜியம் இல்லைன்னு எழுதணும்" என்றார். அது சும்மா சம்பிரதாயம்தானே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே a = √2, b = 1 என்று எழுதிக் காட்டினார். இப்போது √2 = a/b சரியாகத்தானே இருக்கிறது! முழுக்கள் என்ற சொல் இல்லாவிட்டால் முதல் வரி எதையுமே சொல்லவில்லை.

அதே வழியில் √4-ஐப் பாருங்கள்!

அடுத்து 3-ம் வரி. 'a² இரட்டை எண், எனவே a இரட்டை எண்.' இதில் தப்பே இல்லையே என்று அக்கா கேட்டார். "உண்மைதான். ஆனா ஏன் உண்மைன்னு எழுதலையே" என்ற டீச்சர், ஒரு வேடிக்கை காட்டினார். விடைத்தாளில் இருந்த நிரூபணத்தை அப்படியே எடுத்து, 2 இருந்த இடத்தில் எல்லாம் 4-ஐப் போட்டு, 'இரட்டை' என்ற இடத்தில் '4-ஆல் வகுபடும்' என்று எழுதினார்.

√4 = a/b. எனவே a² = 4b². a² என்பது 4-ஆல் வகுபடும், எனவே a-யும் 4-ஆல் வகுபடும். a = 4c என்றால், 16c² = 4b². அதாவது b² = 4c². எனவே b-யும் 4-ஆல் வகுபடும். முரண்பாடு. ஆகவே √4 விகிதமுறா எண்!

ஆனால் √4 என்பது 2 ஆயிற்றே? வரிக்கு வரி அதே நிரூபணம், முடிவு மட்டும் பச்சைப் பொய். எங்கே வழுக்கியது?

3-ம் வரியில்தான். 36 என்பது 4-ஆல் வகுபடும். ஆனால் அதன் வர்க்கமூலமான 6, 4-ஆல் வகுபடாது. '4-க்குச் செல்லாத வாதம் 2-க்கு மட்டும் ஏன் செல்லும்?' என்ற கேள்விக்குப் பதில்தான் இந்த நிரூபணத்தின் உயிர். அந்தப் பதிலைத்தான் இவள் விட்டிருந்தாள். மற்ற வரிகள் எல்லாம் வெறும் பெருக்கல், வகுத்தல்.

எழுத வேண்டிய பதில் ஒன்றும் பெரியது இல்லை. a ஒற்றை எண் என்று வைத்துக்கொண்டால் a = 2m + 1 (m ஒரு முழு). அப்போது a² = 4m² + 4m + 1. முதல் இரண்டு உறுப்புகளும் இரட்டை, கூட ஒன்று. ஆகவே a² ஒற்றை. நமக்கோ a² இரட்டை. எனவே a ஒற்றையாக இருக்க முடியாது.

இதற்குப் பதிலாக, 'ஒரு பகா எண் a²-ஐ வகுத்தால் அது a-யையும் வகுக்கும்' என்ற தேற்றத்தைச் சொல்லி, 2 பகா எண் என்று குறிப்பிட்டாலும் போதும். 4 பகா எண் இல்லை என்பதால்தான் அங்கே வழுக்கியது. 5-ம் வரியில் b-க்கு மறுபடி எழுத வேண்டியதில்லை. 'அதே காரணத்தால்' என்ற இரண்டு சொற்கள் போதும்.

"ஒரு நிரூபணத்துல சந்தேகம் வந்தா, பொய்னு நல்லா தெரிஞ்ச ஒண்ணுக்கு அதையே போட்டுப் பாருங்க. அங்கேயும் 'நிரூபிச்சா', எந்த வரி காரணம் இல்லாம நிக்குதோ அங்கதான் ஓட்டை" என்றார் டீச்சர்.

ஒரே எழுத்து, இரண்டு வேலை

தன்னிடம் ஞாயிற்றுக்கிழமை படிக்க வரும் ஒரு பையனின் நோட்டையும் எடுத்துக் காட்டினார். அவன் முதல் வரியை ஒழுங்காக எழுதியிருந்தான். 3-ம் வரிக்கும் காரணம் சொல்லியிருந்தான். ஆனால் 4-ம் வரியில் a = 2b என்று போட்டிருந்தான். இரட்டை எண் என்றால் 2-இன் மடங்கு என்பதைக் காட்ட ஏதோ ஓர் எழுத்து தேவைப்பட்டது. கைக்கு வந்தது b.

ஆனால் b ஏற்கெனவே பின்னத்தின் பகுதியாக இருக்கிறது. a = 2b என்றால் a/b = 2 என்று ஆகிவிடும்! அவன் தொடர்ந்து 4b² = 2b² என்று எழுதி, இருபுறமும் b²-ஆல் வகுத்து, 4 = 2, முரண்பாடு என்று முடித்திருந்தான். பார்ப்பதற்குக் கச்சிதம். ஆனால் அந்த முரண்பாடு √2-இலிருந்து வரவில்லை, அவன் எழுத்தை மாற்றாததிலிருந்து வந்தது.

டீச்சர் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. அந்தப் பெண்ணின் 3-ம் வரி உண்மை, காரணம் மட்டும் இல்லை. ஒரு வரி சேர்த்தால் நிரூபணம் முழுமையாகிவிடும், அதனால் அங்கே ஒரு மார்க் மட்டும் குறைப்பார். பையனின் 4-ம் வரியோ பொய். அதற்குக் கீழே எழுதியது எதற்கும் மார்க் இல்லை, கடைசி வரி சரியாக இருந்தாலும்.

அதனால்தான் அவர் மூன்று முறை படிக்கிறார். முதல் முறை, வழி. இரண்டாம் முறை, ஒவ்வொரு 'எனவே'யிலும் நின்று 'எதனால்?' என்ற கேள்வி. மூன்றாம் முறை, எழுத்துகள் மட்டும். ஒவ்வொரு எழுத்தும் முதலில் வரும் இடத்தில் அது யார் என்று சொல்லியிருக்கிறதா, பிறகு ஆள் மாறாமல் இருக்கிறதா என்று.

திருத்துபவரும் தப்பு செய்யலாம்

விடை தெரிந்தவர் திருத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளை எழுதாமல் விட்ட காரணத்தைத் திருத்துபவரின் மனசே நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும். நானும் அப்படித்தான் 3-ம் வரியைத் தாண்டியிருந்தேன்.

இது பெரிய இடத்திலும் நடப்பதுதான். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். பிறகு, அதைச் சரிபார்த்தவர் வரிக்கு வரி விளக்கம் கேட்டபோது ஒரு படி நிற்கவில்லை என்று தெரிந்தது. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அந்த ஓட்டையை அடைக்க 1994 செப்டம்பர் வரை ஆனது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் இருக்கிறது. வேறு வழியில் போன நிரூபணத்தை, புத்தக வழியை வைத்து அளப்பது. ஒரு மாணவர் இப்படி எழுதலாம்: 'a, b பூஜ்ஜியம் அல்லாத முழுக்கள். a²-ஐப் பகாக் காரணிப்படுத்தினால் அதில் 2 இரட்டைப்படைத் தடவை வரும். 2b²-இல் 2 ஒற்றைப்படைத் தடவை வரும். ஓர் எண்ணைப் பகாக் காரணிப்படுத்துவது ஒரே விதமாகத்தான் முடியும். எனவே இரண்டும் சமமாக இருக்க முடியாது.' இது முழுமையான நிரூபணம். இதில் பொதுக் காரணி இல்லை என்று எங்கும் சொல்லத் தேவையே இல்லை. 'முதல் வரியில் அதை எழுதவில்லை' என்று இங்கே மார்க் குறைத்தால், தப்பு திருத்தியவருடையது.

எவ்வளவு காரணம் எழுதினால் போதும் என்பதும் படிப்பவரைப் பொறுத்தது. கல்லூரி மாணவர் ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றை என்று விளக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் கேள்வியே அதுதான்.

அம்மா பிடித்த ஓட்டை

அன்று இரவே அவள் மறுபடி எழுதினாள். முதல் வரியில் முழுக்கள், b பூஜ்ஜியம் இல்லை, பொதுக் காரணி இல்லை, எல்லாம் வந்துவிட்டன. 3-ம் வரிக்குக் கீழே காரணமும் இருந்தது. டீச்சர் சொன்னபடி, கணக்கை விட்டு இருபது வருடமான அம்மாவிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் 'ஏன்?' என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா 4-ம் வரியில் நிறுத்தினார்.

"இந்த c யாருடி? எங்கேருந்து வந்தா?"

அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். a = 2c என்று மட்டும்தான் இருந்தது. c ஒரு முழு என்று சொல்லவில்லை. c அரையாக இருந்தால் a = 1 ஆகிவிடும், இரட்டை எண்ணே இல்லை. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தும் கண்ணில் படாத ஓட்டை அது.

பேனாவை எடுத்து, '(c ஒரு முழு)' என்று சேர்த்தாள்.