மெயிலின் கடைசி ஐந்து வரிகள்

கடந்த கோடையில் ஊரில் எங்கள் போர்வெல் மோட்டார் நின்றுபோனது. விற்ற கடைக்காரர், கம்பெனியிலிருந்து தனக்கு வந்த ஒரு மெயிலை எனக்குத் தள்ளிவிட்டு, “அடியில நம்பர் இருக்கு, நேரா கேட்டுக்குங்க” என்றார். அடியில் எல்லாமே இருந்தது. ஆனால் விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து ஒட்டியதுபோல் அத்தனையும் ஒரே படமாக இருந்தது. எண்ணைத் தொட்டேன்; படம் பெரிதானது. அழுத்திப் பிடித்தேன், படத்தைச் சேமிக்கவா என்று போன் கேட்டது. தோட்டத்தில் நின்றபடி எண்ணை மூன்று மூன்றாக மனதில் வைத்து அடித்ததில், முதல் தடவை யாரோ ஒருவர் வீட்டில் மணி அடித்தது.

அன்றிலிருந்து எனக்கு வரும் மெயில்களில் கையெழுத்துப் பகுதியைத்தான் முதலில் பார்க்கிறேன். மெயிலின் அடியில் தானாக வந்து சேரும் அந்தப் பகுதியை ஜிமெயிலும் அவுட்லுக்கும் சிக்னேச்சர் என்கின்றன. பலரும் அதை லெட்டர்பேடின் தலைப்புபோல, தங்கள் நிறுவனத்தின் கம்பீரத்தைக் காட்டும் இடமாக நினைக்கிறார்கள். படிப்பவர் அங்கே வருவது வேறு காரியத்துக்காக. எழுதியது யார், அவரிடம் எதைக் கேட்கலாம், அவரை இப்போது எப்படிப் பிடிப்பது என்ற மூன்றும் தெரிந்தால் அவர் போய்விடுவார்.

என் அக்கா மகள் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் உதிரிபாகப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மேலே சொன்ன கம்பெனி அல்ல, வேறொன்று. அவளுக்கு மெயில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராக இருக்கும் டீலர்கள். கடையில் நின்றபடி போனில்தான் படிப்பார்கள். அவளுடைய சிக்னேச்சரை ஒருநாள் காட்டச் சொன்னேன். ஊதா நிறத்தில் சாய்ந்த எழுத்தில் பெயர், அதன் பக்கத்தில் இரண்டு பட்டங்கள், கம்பெனி லோகோ, தரச்சான்று முத்திரை, தரைவழி எண் மூன்று, ஃபேக்ஸ், செல்போன் இரண்டு, மெயில் முகவரி இரண்டு, ஆறு வரியில் தொழிற்சாலை முகவரி, சமூக ஊடகப் படங்கள் நான்கு, காகிதத்தைச் சேமிக்கச் சொல்லும் பச்சை இலை, கடைசியில் இந்த மெயில் ரகசியமானது என்று ஒரு பத்தி. அவள் அன்று எழுதியிருந்த செய்தியோ, “பார்சல் இன்று அனுப்பியாயிற்று” என்ற ஒரே வரி.

“எல்லாமே வேணும்னு மேனேஜர் சொல்றாருங்க மாமா” என்றாள்.

ஒவ்வொரு வரியையும் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டோம்: இதைப் படித்த டீலர் அடுத்து என்ன செய்வார்? பட்டங்களைப் பார்த்து அவர் எதுவும் செய்யப்போவதில்லை. டாக்டருக்கும் தணிக்கையாளருக்கும் பட்டம் என்பது அவர் அந்தக் கையெழுத்தைப் போடத் தகுதியானவர் என்பதற்கான ஆதாரம், அங்கே அது இருக்க வேண்டும். மோட்டார் புஷ்ஷுக்கு விலை சொல்ல அது தேவையில்லை. ஃபேக்ஸ் எண்ணைக் கடைசியாக யார் பயன்படுத்தினார் என்று அவளுக்கே நினைவில்லை. தொழிற்சாலை முகவரி, பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவருக்கு மட்டும் வேண்டும். அப்படிப்பட்டவருக்குச் செய்தியிலேயே முழு முகவரியையும் பின்கோடோடு எழுதுவதுதான் உதவி. அடியில் தேட விடக்கூடாது.

பதவிப் பெயரில் சற்று நேரம் போனது. அவளுடைய அடையாள அட்டையில் இருப்பது “சீனியர் எக்ஸிகியூட்டிவ்”. உள்ளே சம்பளப் பட்டியலுக்கு அது பொருள் தரும். வெளியே இருப்பவருக்கு அவளிடம் எதைக் கேட்கலாம் என்று அது சொல்லவில்லை. “உதிரிபாகம், வாரன்டி” என்று போட்டதும் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

பிறகு எண்கள். நம் ஊரில் தரைவழி எண்களைச் சாய்கோடு போட்டு, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவது நெடுநாள் பழக்கம். காகிதத்தில் அது மனிதருக்குப் புரியும். சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் 72 எந்த எண்ணின் வால் என்று போனுக்குத் தெரியாது. அதனால் ஒரே ஒரு தரைவழி எண், முழுதாக. அதையும் நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும். கோயம்புத்தூரின் எஸ்.டி.டி. எண் 0422. முன்னால் இருக்கும் அந்தப் பூஜ்யம் உள்நாட்டில் வெளியூர் அழைப்புக்காகப் போடுவது. +91 சேர்த்தால் அது போய்விடும். +91 422 என்று தொடங்கி மீதி ஏழு இலக்கம். சென்னை என்றால் +91 44, பிறகு எட்டு இலக்கம். இப்படி எழுதினால் திருச்சியிலிருந்து தொட்டாலும் துபாயிலிருந்து தொட்டாலும் ஒரே இடத்தில் மணி அடிக்கும். எண்ணோடு நேரத்தையும் சேர்த்தோம். இரவு எட்டு மணிக்கு அடித்துப் பார்த்து, யாரும் எடுக்கவில்லை என்று கோபப்படும் டீலருக்கு அது முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

மெயில் முகவரியைச் சிக்னேச்சரில் எழுதுவது வீண், அதுதான் மேலேயே இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவுட்லுக்கிலிருந்து ஒரு மெயிலை இன்னொருவருக்குத் தள்ளும்போது, பழைய செய்தியின் தலையில் அனுப்பியவரின் பெயர் மட்டும் இருந்து முகவரி காணாமல்போவது உண்டு. எனக்கு வந்ததும் இப்படித் தள்ளிவிடப்பட்ட மெயில்தான். அவளுடைய சிக்னேச்சரில் தன் சொந்த முகவரிக்குப் பதிலாக, பிரிவின் பொது முகவரியைப் போட்டாள். அவள் விடுப்பில் இருந்தால் பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்ப்பார்.

படங்களை முழுவதும் எடுத்துவிட்டோம். லோகோவை எடுக்கத்தான் அவள் தயங்கினாள். வெளித்தளத்திலிருந்து வர வேண்டிய படத்தை அவுட்லுக் தானாக இறக்காமல் விடுவதுண்டு. அப்போது லோகோ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். மெயிலுக்குள்ளேயே பொதித்து அனுப்பினால், சில செயலிகளில் அது image001.png என்ற இணைப்பாகக் காட்டப்படும். இன்வாய்ஸ் வந்திருக்கிறது என்று நினைத்துத் திறப்பவருக்கு லோகோ கிடைக்கும். போனை இருட்டுத் திரையில் வைத்திருப்பவருக்குப் பின்னணி இல்லாத கறுப்பு லோகோ கறுப்பிலேயே கரைந்துவிடும். பார்வையற்றவர் திரைவாசிப்பான் மூலம் கேட்கும்போது, மாற்று விவரம் எழுதாத படம் வெறும் கோப்புப் பெயராக ஒலிக்கலாம், ஒலிக்காமலும் போகலாம். புதிய போன்கள் சில, படத்திலிருக்கும் எண்ணையும் படித்துவிடுகின்றன என்பது உண்மை. டீலர் கையில் இருப்பது அந்தப் போன்தானா என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது.

சட்டம் பற்றியும் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 12-ஆம் பிரிவில், வணிகக் கடிதங்களில் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்து-எண்கள் கொண்ட அடையாள எண், தொலைபேசி, இருந்தால் மெயில், இணைய முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. மெயிலும் வணிகக் கடிதம்தான் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு என்பதால், பல கம்பெனிகள் இவற்றை அடியில் சேர்க்கின்றன. மேனேஜரின் கவலை நியாயமானதுதான். அதற்காக அந்த விவரம் தொடர்பு எண்ணோடு கலந்து கிடக்க வேண்டியதில்லை. ஒரு வரி இடம் விட்டு, சிறிய எழுத்தில் தனியாக நிற்கலாம். ரகசிய எச்சரிக்கைப் பத்தியைக் கம்பெனியின் வக்கீல் கேட்டிருந்தால் விட்டுவைக்க வேண்டும். யாரும் கேட்காமல், எங்கிருந்தோ நகலெடுத்து வந்தது என்பது விசாரித்ததில் தெரிந்தது. எடுத்தாயிற்று.

கடைசியில் நின்றது இது. பெயரை மாற்றி, எண்களை மறைத்திருக்கிறேன்.

```
-- 
ஆர். சிவகாமி (திருமதி)
உதிரிபாகம், வாரன்டி – (கம்பெனி பெயர்)
+91 422 xxx xxxx  திங்கள்–சனி, காலை 9.30–மாலை 6
வாட்ஸ்அப் +91 xxxxx xxxxx
parts@example.com
```

“திருமதி” அவளே கேட்டுச் சேர்த்தது. வடக்கிலிருந்து வரும் பதில்களில் பாதி அவளை “சார்” என்றே விளித்தன. சிலர் “டியர் ஆர்” என்று எழுதினார்கள், இனிஷியலைப் பெயரென்று நினைத்து. அதற்கு வழி சிக்னேச்சரில் இல்லை. செய்தியின் முடிவில் “சிவகாமி” என்று மட்டும் எழுதினால், எப்படி அழைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மேலே உள்ள இரண்டு கோடும் அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு இடைவெளியும் பழைய மரபு. 2004-இல் வெளியான இணையத் தர ஆவணமான RFC 3676 இதைப் பதிவு செய்திருக்கிறது. செய்தி முடிந்தது, இனிக் கையெழுத்து என்று மெயில் மென்பொருளுக்குச் சொல்லும் அடையாளம் அது. தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் பதில் எழுதும்போது அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். 1995-இல் வந்த RFC 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பு, சிக்னேச்சர் நான்கு வரியைத் தாண்ட வேண்டாம் என்றது. அன்று இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கட்டியவர்களுக்காகச் சொன்னது. நாங்கள் ஒரு வரி கூடுதலாகப் போட்டிருக்கிறோம்.

எழுத்துரு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழில் எழுதுவதென்றால் யூனிகோடில் எழுத வேண்டும். அலுவலகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டிய பெயர், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தனி நிறமும் வேண்டாம். எந்த நிறமும் குறிப்பிடாத எழுத்து, இருட்டுத் திரையில் தானே வெள்ளையாகிவிடும்.

ஜிமெயிலில் இதைப் போட, கணினியில் அமைப்புகளைத் திறந்து, எல்லா அமைப்புகளையும் காட்டச் சொல்லி, பொதுப் பக்கத்தில் கீழே இறங்க வேண்டும். அங்கே புதிய மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கும் தள்ளுவதற்கும் ஒன்று என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்த இரண்டாவது தேர்வைத்தான் பலர் தொடுவதில்லை. ஒரே டீலரோடு பன்னிரண்டு முறை எழுதிப் பதில் வாங்கினால், அதே ஐந்து வரி பன்னிரண்டு முறை அடுக்கிக்கொண்டு நிற்கும். பதிலுக்குப் பெயரும் எண்ணும் மட்டும் உள்ள இரண்டு வரியை வைத்தோம். போனில் உள்ள ஜிமெயில் செயலிக்குத் தனியே ஒரு சிக்னேச்சர் இருக்கிறது. அதில் எழுத்து மட்டும்தான் வைக்க முடியும். அங்கேயும் போய் எழுதினாள்.

பிறகு எனக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். நான் அதை என் தம்பிக்குத் தள்ளினேன், ஏனென்றால் தள்ளிவிடப்பட்ட மெயிலில்தான் பல சிக்னேச்சர்கள் சிதைகின்றன. அவன் தன் போனில் இருட்டுத் திரையில் திறந்தான். ஐந்து வரியும் அப்படியே இருந்தன. தரைவழி எண்ணைத் தொட்டான், அழைப்பு போகவில்லை. +91-க்குப் பின்னால் பழக்கத்தில் ஒரு பூஜ்யத்தை அடித்திருந்தாள். அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். இந்த முறை அவன் தொட்டதும், கோயம்புத்தூரில் அவள் மேசையிலிருந்த போன் அடித்தது.