ஆப் ஸ்டோரில் வாங்கிய பாட்டுச் சந்தாவை எங்கே நிறுத்துவது?

ஐபோனில் யூடியூப் மியூசிக் செயலியைத் திறந்து, அதற்குள்ளேயே பிரீமியம் சந்தா எடுத்தவர்கள் பலர். நிறுத்த நினைக்கும்போது யூடியூப் இணையதளத்துக்குப் போகிறார்கள். அங்கே ரத்து செய்ய வழி இருக்காது. காரணம், மாதாமாதம் உங்களிடம் பணம் எடுப்பது யூடியூப் அல்ல, ஆப்பிள். எங்கே பணம் கட்டினீர்களோ அங்கேதான் நிறுத்த முடியும்.

யார் பணம் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லையா? வங்கிக் கணக்கு விவரத்தைப் பாருங்கள். APPLE.COM/BILL என்று இருந்தால் ஐபோன் வழி வாங்கியது. கூகுள் பெயர் இருந்தால் மட்டும், பிளே ஸ்டோர் வழி வாங்கியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. யூடியூப் கூகுளுடையது என்பதால், இணையதளத்தில் நேரடியாக வாங்கியிருந்தாலும் அந்தப் பெயரே வரும்.

ஐபோனில் Settings திறந்து, மேலே உங்கள் பெயரைத் தட்டி, Subscriptions போங்கள். பட்டியலில் உள்ள யூடியூப் சந்தாவைத் தொட்டால் கீழே Cancel Subscription வரும். அடுத்த கட்டணத் தேதி 18 என்று வைத்துக்கொள்வோம். 17-ஆம் தேதி இரவு வரை காத்திருக்காதீர்கள். புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்துவிட வேண்டும். 15, 16-லேயே முடித்துவிடுவது நல்லது. இலவச மாதத்துக்கும் இதே கணக்குதான். கட்டிய பணத்துக்கான நாள் முடியும்வரை பாட்டு கேட்கலாம் என்பதால், முன்கூட்டியே நிறுத்துவதில் பொதுவாக நஷ்டமில்லை. இலவசக் காலத்தில் மட்டும் சில சேவைகள் உடனே நின்றுவிடலாம்.

செயலியை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான்; செயலி போய்விடும், பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

பட்டியலில் சந்தாவே காணோம் என்றால், அது வேறொரு ஆப்பிள் கணக்கில் இருக்கலாம். பழைய மின்னஞ்சலில் தொடங்கிய கணக்காக இருக்கலாம், வீட்டில் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ஆப்பிள் அனுப்பிய ரசீதை மின்னஞ்சலில் தேடுங்கள். எந்தக் கணக்கு என்று அதிலேயே இருக்கும். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? reportaproblem.apple.com பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது ஆப்பிளின் முடிவு. யூடியூப்பிடம் முறையிட்டுப் பயனில்லை.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் வழி வாங்கியிருந்தால், அந்தச் செயலியில் உங்கள் படத்தைத் தட்டி, Payments & subscriptions-க்குள் Subscriptions பார்க்க வேண்டும்.

ரத்து செய்தபின் அதே பக்கத்தில் சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று வந்திருக்கிறதா பாருங்கள். அந்தத் தேதி கடந்தபின் மறுபடி சந்தா வேண்டுமென்றால், செயலிக்குள் வாங்காமல் பிரவுசரில் யூடியூப் தளத்துக்கே போய் வாங்குங்கள். அங்கே விலையும் குறைவு, நிறுத்துவதும் அங்கேயே.