கணக்கு சரி, மதிப்பெண் ஏன் பாதி?

கணக்கியல் ஆசிரியர்களிடம் பெற்றோர் அடிக்கடி கொண்டுவரும் முறையீடு ஒன்று உண்டு. "என் பிள்ளை போட்ட கணக்கு எல்லாம் சரி. பன்னிரண்டுக்கு ஐந்துதான் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டும் பதினொன்று வாங்கியிருக்கிறாள். இது எப்படி நியாயம்?"

நியாயம்தான். நிதிநிலை அறிக்கையை அலசச் சொல்லும் நீண்ட வினாவைத் திருத்தும் முறை தெரிந்தால் காரணம் விளங்கிவிடும்.

இலங்கையின் சர்வதேசப் பள்ளி மாணவர்களில் பலர் எழுதும் பியர்சன் எட்எக்செல் சர்வதேச ஏ லெவல் கணக்கியல் தேர்வை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போடும் பகுதியில் சரியான எண்ணுக்கும் வழிமுறைக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. அதன்பின் வருகிற மதிப்பீட்டுப் பகுதிக்கு 12 மதிப்பெண். அங்கே குறிப்புகளை எண்ணி மதிப்பெண் போடுவதில்லை. விடையை முழுதாகப் படித்து, நான்கு படிகளில் எது அதற்குப் பொருந்துகிறது என்று முடிவு செய்கிறார்கள்: 1–3, 4–6, 7–9, 10–12. படி முடிவான பிறகே அதற்குள் எந்த மதிப்பெண் என்று பார்க்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நானே அமைத்த ஒரு வினா இதோ. ஒரு மொத்த ஜவுளி வியாபாரி. எல்லா விற்பனையும் கடனுக்கு. போன ஆண்டு விற்பனை 80 லட்சம், இந்த ஆண்டு 100 லட்சம். விற்ற சரக்கின் அடக்கவிலை 60 லட்சத்திலிருந்து 77 லட்சமானது. நிகர லாபம் 8 லட்சத்திலிருந்து 10 லட்சமானது. ஆண்டு முடிவில் சரக்கிருப்பு 10 லட்சமாக இருந்தது, இப்போது 22. கடனாளிகள் தர வேண்டியது 8 லட்சம், இப்போது 20. சரக்குக் கொடுத்தவர்களுக்கு நாம் தர வேண்டியது 11, இப்போது 16. போன ஆண்டு வங்கியில் 4 லட்சம் இருந்தது. இப்போது 12 லட்சம் ஓவர்டிராஃப்ட். வீட்டுச் செலவுக்கு உரிமையாளர் 7 லட்சம் எடுத்திருக்கிறார். தேய்மானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "லாபம் கூடிவிட்டது, 15 லட்சம் கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கப் போகிறேன்" என்கிறார். இந்த முடிவை மதிப்பிடுக.

முதல் படியின் விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: "லாபம் கூடியுள்ளது, இது நல்லது. நடப்பு விகிதம் 2:1 இருக்க வேண்டும், ஆனால் 1.5:1 மட்டுமே உள்ளது. கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். எனவே கவனமாக இருக்க வேண்டும்." இதற்கு 2 மதிப்பெண். இதில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஆனால் வட்டியும் கவனமும் எந்த வியாபாரிக்கும் பொருந்தும். 2:1 என்பதும் சட்டமல்ல; ரொக்கத்துக்கு விற்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 1-க்கும் கீழான விகிதத்தோடு நன்றாகவே நடக்கின்றன. இந்த ஜவுளிக்கடைக்கு 1.5 ஏன் போதாது என்று சொன்னால்தான் அது விடை.

இரண்டாம் படியில்தான் முறையீடு கொண்டுவந்த பெற்றோரின் பிள்ளை நிற்கிறான். "மொத்த லாப விகிதம் 25 சதவீதத்திலிருந்து 23-க்கு இறங்கியுள்ளது. விரைவு விகிதம் 1.09-லிருந்து 0.71. வசூலாகும் காலம் 37 நாளிலிருந்து 73 நாள். சரக்கு தேங்கும் காலம் 61-லிருந்து 104 நாள். எல்லாம் மோசமாகியிருப்பதால் கடை திறக்கக் கூடாது." ஒவ்வோர் எண்ணும் சரி, முடிவும் தவறல்ல. ஆனால் அந்த எண்களுக்குரிய மதிப்பெண்ணைக் கணக்குப் பகுதியிலேயே வாங்கியாயிற்று. இங்கே கேட்பது, அவை ஏன் நகர்ந்தன, அதனால் என்ன நேரும் என்பது. அவன் பட்டியலோடு நின்றுவிட்டான். 5 மதிப்பெண்.

மூன்றாம் படி அந்த எண்களைக் கோக்கிறது. "விற்பனை 25 சதவீதம்தான் வளர்ந்தது; கடனாளிகளோ இரண்டரை மடங்கு. அதே ஆண்டில் மொத்த லாப விகிதமும் குறைந்திருக்கிறது. ஆகவே விலையைக் குறைத்தும் தவணையை நீட்டியும் இந்த விற்பனையைப் பிடித்திருக்க வாய்ப்புண்டு. பணம் வெளியே நிற்பதால் அன்றாடச் செலவுக்கு ஓவர்டிராஃப்டை நாட வேண்டியதாயிற்று." காரணமும் விளைவும் வந்துவிட்டன. 8 மதிப்பெண். ஆனால் இவர் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தார். வளர்ச்சி உண்மையானது என்ற வாதத்தை எடைபோடவே இல்லை.

நான்காம் படியைத் தொட்ட விடையில் ஒரு பிழை இருந்தது. வசூல் காலத்துக்கு இந்த ஆண்டு விற்பனைக்குப் பதில் போன ஆண்டு விற்பனையால் வகுத்து, 91 நாள் என்று எழுதிவிட்டாள். ஆனாலும் இப்படித் தொடர்ந்தாள்: "விற்பனையும் லாபமும் வளர்ந்தது இரண்டாவது கடைக்குச் சாதகம். ஆனால் 10 லட்சம் லாபத்துக்கு எதிரே சரக்கில் 12 லட்சமும் கடனாளிகளிடம் 12 லட்சமும் கூடுதலாக முடங்கின. சரக்குக் கொடுத்தவர்கள் பொறுத்தது 5 லட்சம். ஆக வியாபாரமே 9 லட்சத்தை விழுங்கியது. உரிமையாளர் எடுத்த 7 லட்சத்தையும் சேர்த்தால், வங்கிக் கணக்கு இறங்கிய 16 லட்சம் முழுதும் விளங்குகிறது. இந்த நிலையில் புதுக்கடை இன்னும் சரக்கு, இன்னும் கடன் என்றே போகும். இப்போது வேண்டாம். வசூலைப் பழைய காலத்துக்குக் கொண்டுவந்தால் கடனாளிகள் 10 லட்சத்துக்கு இறங்கி, ஓவர்டிராஃப்டின் பெரும்பகுதி தீரும், அதன்பின் யோசிக்கலாம். சரக்குக் கூடியது சித்திரை, வைகாசித் திருமண விற்பனைக்காக என்றால், என் கவலை ஓரளவு குறையும்."

இதற்கு 11. தவறான 91 நாளுக்குக் கணக்குப் பகுதியில் மதிப்பெண் போயிற்று. ஆனால் அந்தப் பிழைக்கு இங்கே இரண்டாம் முறை தண்டனை இல்லை; தான் கண்ட எண்ணிலிருந்து ஒழுங்காக வாதிட்டால் அந்த வாதத்துக்கு மதிப்பெண் உண்டு. சரியான 73 நாளை வைத்தாலும் அவளுடைய முடிவு மாறாது. இந்த விடையின் உயிர் 16 லட்சம் எங்கே போனது என்று கண்டுபிடித்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு விகிதம்கூடத் தேவைப்படவில்லை, கூட்டலும் கழித்தலுமே போதுமாயிருந்தன.

திருத்துகிறவர்கள் தடுமாறும் இடம் 6-க்கும் 7-க்கும் நடுவே. "ஓரளவு அலசல்", "வளர்த்தெடுத்த அலசல்" போன்ற சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே விடைக்கு வேறு வேறு படி கொடுப்பது எளிது. நீளமான விடை, அழகான கையெழுத்து, நடுவே "மறுபுறம்" என்ற சொல் ஆகியவை விடையை மேல் படிக்கு இழுத்துவிடும். "மறுபுறம்" என்று எழுதிவிட்டு இரண்டு பக்கத்தையும் வெறுமனே அடுக்குவது மதிப்பீடு ஆகாது. எது கனமானது, ஏன் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் திருத்தம் தொடங்குமுன் முன்பே மதிப்பெண் தீர்மானித்த மாதிரி விடைகளைத் திருத்தவைத்து, எல்லோர் கையும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். படிகளின் விளக்கத்தை எத்தனை நுணுக்கமாக எழுதினாலும் மாதிரி விடை இல்லாமல் அது நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் அட்டவணையை மட்டும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள். இப்படி நான்கு விடைகளை மதிப்பெண் மறைத்துக் கொடுத்து, அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். 5 வாங்கிய விடையில் எந்த இடத்தில் "ஏன்" வர வேண்டும் என்று அவர்களே குறிக்கட்டும்.